ரூ.8,415 கோடி ஒரே நாளில் பூஜ்யமானது எப்படி? யெஸ் பேங்க் ‘சூப்பர் எஃப்.டி’யின் கதை

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஜி.எஸ்.டி ரோட்டை ஒட்டிய ஏரியாக்களில் ரயில்வே, விமானப்படை, மாநில அரசு வேலைகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய பேர். ஓய்வின்போது கிடைக்கும் பணம் பெரும்பாலும் நேராக எஃப்.டி-க்குத்தான் போகும். எந்த பேங்க்கில் அரை சதவீதம் கூட வட்டி என்று மாலை வாக்கிங்கில் பேச்சு ஓடும். இப்படிப்பட்ட ஒருவரிடம், “எஃப்.டி மாதிரியேதான் சார், வட்டி மட்டும் 9 சதவீதம்” என்று பேங்க் ஆள் சொன்னால் கேட்கத்தான் தோன்றும்.

நாட்டின் பல ஊர்களில் யெஸ் பேங்க் வாடிக்கையாளர்களிடம் ஏறக்குறைய இப்படித்தான் சொல்லப்பட்டது என்கிறது செபியின் 2021 ஏப்ரல் உத்தரவு. விற்கப்பட்டது எஃப்.டி அல்ல, ‘ஏடி1’ எனப்படும் முதிர்வு தேதியே இல்லாத கடன் பத்திரம். 2020 மார்ச் 14 அன்று அந்தப் பத்திரங்களின் மொத்த மதிப்பான ரூ.8,415 கோடியை யெஸ் பேங்க் பூஜ்யமாக்கியது. வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

பேங்க் மூழ்கினால் பணம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இங்கே பேங்க் மூழ்கவில்லை, காப்பாற்றப்பட்டது. டெபாசிட் போட்டவர்களுக்கு முழுப் பணமும் கிடைத்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பங்கு கையிலேயே இருந்தது. நடுவில் இருந்த இந்தப் பத்திரம் மட்டும் காணாமல் போனது. அது ஏன் என்று புரிய, ஒரு பேங்க் இப்படிப்பட்ட பத்திரத்தை எதற்காக வெளியிடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கடனாக வாங்கி, மூலதனமாகக் கணக்கு

ஒரு பேங்க் கடன் கொடுக்க வேண்டுமானால், வரும் நஷ்டத்தைத் தாங்க சொந்தப் பணம் கொஞ்சமாவது இருக்க வேண்டும். இதுதான் மூலதனம். 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு வந்த பாசல் 3 விதிகள் இதை இறுக்கின. மூலதனத்தில் முதல் அடுக்கு, பங்குதாரர்களின் பணம். அடுத்த அடுக்கு ஏடி1. அதற்கும் மேலே டயர் 2 பத்திரங்கள். டெபாசிட் இதற்கெல்லாம் அப்பால், பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது.

இதில் விநோதமானது ஏடி1. பேங்க் உங்களிடம் கடனாகத்தான் வாங்குகிறது, ஆனால் ரிசர்வ் வங்கி அதை மூலதனமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கடனை எப்படி மூலதனம் என்று சொல்ல முடியும்? நஷ்டம் வந்தால் அந்தக் கடனைத் திருப்பித் தராமல் அழித்துவிடலாம் என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தால் முடியும். அழிக்கக்கூடியது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அது மூலதனம் ஆகிறது. அப்படியென்றால் ‘எஃப்.டி போலப் பாதுகாப்பானது’ என்ற பேச்சு அடிப்படையிலேயே பொருந்தாதது. எஃப்.டி அளவுக்குப் பாதுகாப்பாக இருந்திருந்தால் ரிசர்வ் வங்கி அதை மூலதனமாக ஏற்றிருக்காது.

அதனால்தான் சாதாரண கடன் பத்திரத்தில் இல்லாத மூன்று நிபந்தனைகள் இதில் உண்டு. முதலாவது, முதிர்வு தேதி கிடையாது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு பேங்க் விரும்பினால், ரிசர்வ் வங்கி அனுமதியோடு, பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். இதற்கு ‘கால் ஆப்ஷன்’ என்று பெயர். அந்த உரிமை பேங்க்குக்கு மட்டும்தான், பணத்தைக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை. இரண்டாவது, ஒரு வருடம் வட்டி கொடுக்க முடியாது என்று பேங்க் முடிவு செய்தால் அந்த வட்டி போனது போனதுதான், அடுத்த வருடம் சேர்த்துத் தர மாட்டார்கள். மூன்றாவது, பேங்க் இனி தானாகப் பிழைக்காது என்று ரிசர்வ் வங்கி கருதும் கட்டம் வந்தால் அசலையே அழிக்கலாம். இந்தக் கட்டத்தை ‘பிஓஎன்வி’ என்பார்கள்.

விற்கும்போது குழப்பம் பெரும்பாலும் முதல் நிபந்தனையில் வந்தது. யெஸ் பேங்க்கின் இரண்டு வெளியீடுகள்: 2016 டிசம்பரில் 9.5% வட்டியில் ரூ.3,000 கோடி, 2017 அக்டோபரில் 9% வட்டியில் ரூ.5,415 கோடி. ஐந்தாம் ஆண்டில் பேங்க்குகள் வழக்கமாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வந்ததால், கால் ஆப்ஷன் தேதியே முதிர்வு தேதி போலக் காதில் விழுந்தது. ‘அஞ்சு வருஷம்’ என்று கேட்டவர் அதை எஃப்.டி-யின் அஞ்சு வருஷமாகவே எடுத்துக்கொண்டார்.

எப்படி வீடு வரை வந்தது?

முதலில் இந்தப் பத்திரங்களை வாங்கியவை பெரிய நிறுவனங்கள். ஒரு பத்திரத்தின் முகமதிப்பே ரூ.10 லட்சம், சாதாரண மக்களுக்கான பப்ளிக் இஷ்யூவும் கிடையாது. ஆனால் வாங்கிய நிறுவனங்களிடம் இருந்து, இரண்டாம் சந்தை வழியாக, தனி நபர்களுக்குக் கைமாற்றும் வேலையை யெஸ் பேங்க்கின் வெல்த் மேனேஜ்மென்ட் குழு செய்தது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வெளியீட்டின்போது ரிஸ்க் எல்லாம் எழுதப்பட்ட தகவல் ஆவணம் முதலில் வாங்கும் நிறுவனத்துக்குப் போகும். அந்த நிறுவனத்திடம் இருந்து வாங்குபவர் கைக்கு அது தானாக வந்து சேராது.

செபி கணக்கின்படி 1,346 தனி நபர்கள் சுமார் ரூ.679 கோடியை இதில் போட்டிருந்தார்கள். அவர்களில் 1,311 பேர் ஏற்கனவே யெஸ் பேங்க் வாடிக்கையாளர்கள். 277 பேர் தங்கள் எஃப்.டி-யை முதிர்வுக்கு முன்பே உடைத்து, சுமார் ரூ.80 கோடியை இதற்கு மாற்றியிருந்தார்கள். இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ரிஸ்க் எடுக்கத் தயாராக இருப்பவர் பங்குச் சந்தைக்குப் போவார். எஃப்.டி-யை உடைத்து வந்தவர் இன்னொரு எஃப்.டி என்று நினைத்துத்தான் வந்திருப்பார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேலையூரில் ஓய்வு பெற்ற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2017 அக்டோபரில் அவருடைய ரூ.20 லட்சம் எஃப்.டி-க்கு 7% வட்டி, வருடத்துக்கு ரூ.1.4 லட்சம். அதை உடைத்து 9% ஏடி1 பத்திரம் இரண்டு வாங்குகிறார். இப்போது வருடத்துக்கு ரூ.1.8 லட்சம். இரண்டு வருடத்தில் கூடுதலாகக் கிடைத்தது ரூ.80,000. 2020 மார்ச்சில் அசல் ரூ.20 லட்சமும் போய்விட்டது. அந்த எஃப்.டி-யை அப்படியே விட்டிருந்தால்? மார்ச் 5 முதல் 18 வரை ரூ.50,000-க்கு மேல் எடுக்க முடியாமல் தவித்திருப்பார். அதோடு சரி.

அந்தப் பத்து நாட்கள்

2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி யெஸ் பேங்க்கின் நிர்வாகத்தைக் கையில் எடுத்து, பணம் எடுக்கக் கட்டுப்பாடு போட்டது. மறுநாள் வந்த வரைவு மீட்புத் திட்டத்தில், ஏடி1 பத்திரங்கள் முழுதாக நீக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. மார்ச் 13-ல் மத்திய அரசு அறிவித்த இறுதித் திட்டத்தில் அந்த வரி இல்லை. ஆனாலும் அடுத்த நாளே, ரிசர்வ் வங்கி நியமித்த நிர்வாகியின் பொறுப்பில் இருந்த பேங்க் பத்திரங்களை அழித்தது. அன்று வெளியான கணக்குப்படி, 2019 டிசம்பர் காலாண்டின் நஷ்டம் ரூ.18,564 கோடி. முதல் அடுக்கு மூலதனம் குறைந்தபட்சம் 5.5% இருக்க வேண்டிய இடத்தில் 0.6% தான் மிஞ்சியிருந்தது.

அப்போது ஸ்டேட் பேங்க் தலைமையில் பிற வங்கிகள் ஒரு பங்கு ரூ.10 என்ற விலையில் புதுப் பணம் போட்டன. பழைய பங்குதாரர்களுக்கு 75% பங்குகளை மூன்று வருடம் விற்க முடியாது என்ற கட்டுப்பாடு மட்டும் வந்தது. 100 பங்குகளும் அதற்குக் குறைவாகவும் வைத்திருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. முதலில் அடி வாங்க வேண்டியவர் பங்குதாரர் இல்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். பேங்க்கை இழுத்து மூடி, சொத்தை விற்றுப் பங்கு போடும்போது அந்த வரிசை செல்லும். அப்போது ஏடி1 வைத்திருப்பவருக்குப் பிறகுதான் பங்குதாரர். பிஓஎன்வி விதி வேலை செய்வது அதற்கு முன்பு, பேங்க் உயிரோடு இருக்கும்போதே. அங்கே பங்கை முதலில் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் பத்திரத்தைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2023 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சூயிஸ் வங்கியிலும் இதுவே நடந்தது: பங்குதாரர்களுக்குக் கொஞ்சம் கிடைத்தது, சுமார் 1,600 கோடி சுவிஸ் ஃப்ராங்க் ஏடி1 பூஜ்யமானது.

பத்திரதாரர்களுக்காக ஆக்ஸிஸ் டிரஸ்டி நிறுவனம் வழக்குப் போட்டது. 2023 ஜனவரி 20-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் பத்திரங்களை அழித்த முடிவை ரத்து செய்தது. இறுதித் திட்டத்தில் அந்த அம்சம் இல்லை, திட்டம் அமலான பிறகு அழிக்க நிர்வாகிக்கு அதிகாரமும் இல்லை என்பது அதன் வாதம். கவனியுங்கள், இப்படி ஒரு நிபந்தனை இருக்கவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. யார், எப்போது அதைப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் பிரச்சினை ஆனது. மேல்முறையீட்டுக்காக அந்தத் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது, 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீட்டித்தது. தவறாக விற்றதாகச் சொல்லி செபி பேங்க்குக்கு விதித்த ரூ.25 கோடி அபராதமும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் நிறுத்திவைக்கப்பட்டது.

இப்போது உங்கள் கையில் இருக்கிறதா?

2020 அக்டோபரில் செபி கதவை ஓரளவு மூடியது. புதிய ஏடி1 பத்திரங்களைத் தகுதி பெற்ற நிறுவன முதலீட்டாளர்களுக்கு மட்டுமே விற்கலாம், சந்தையில் கைமாற்றும் குறைந்தபட்சத் தொகையும் ரூ.1 கோடி. அதனால் நேரடியாக உங்களைத் தேடி வரும் வாய்ப்பு குறைவு. கடன் சார்ந்த மியூச்சுவல் ஃபண்ட் வழியாக வரலாம். ஃபண்டின் மாதாந்திர போர்ட்ஃபோலியோவில் பேங்க் பெயருக்குப் பக்கத்தில் ‘பெர்பெச்சுவல்’ அல்லது ‘ஏடி1’ என்று இருந்தால் அது இதுதான். வீட்டில் பெரியவர்களின் டீமேட் ஸ்டேட்மென்ட்டில் பழைய பத்திரம் ஏதும் இருந்தால் அதிலும் இந்த வார்த்தைகளைத் தேடிப் பாருங்கள்.

டயர் 2 பத்திரங்களைப் பற்றி இந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. அவற்றுக்கு முதிர்வு தேதி உண்டு, வட்டியையும் பேங்க் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. ஆனால் பிஓஎன்வி நிபந்தனை அவற்றிலும் இருக்கிறது. கரூரில் 1926-ல் தொடங்கிய லக்ஷ்மி விலாஸ் வங்கியை 2020 நவம்பர் 27-ல் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தபோது, டெபாசிட்கள் அப்படியே புது பேங்க்குக்குப் போயின. இந்த முறை பங்குகளும் பூஜ்யமாயின. கூடவே ரூ.318.20 கோடி டயர் 2 பத்திரங்களும்.