பொய்ப்புகாரும் இழப்பீட்டு உரிமையும்: ‘வழக்குத் தொடுத்தவர் யார்?’ என்னும் வினா

பொய்ப்புகாரால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டுப் பின்னர் விடுதலை பெற்றவர், புகார் கொடுத்தவரிடம் இழப்பீடு கோரி உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். இவ்வுரிமை தனிச் சட்டமாக இயற்றப்படவில்லை. தீங்கியல் சட்டத்தின் பகுதியாகத் தீர்ப்புகளின் வழியே உருப்பெற்றது. பிரதிவாதியே தம்மீது குற்ற வழக்குத் தொடுத்தார், அது தமக்குச் சாதகமாக முடிந்தது, அதற்கு நியாயமான காரணம் இல்லை, தீய நோக்கம் இருந்தது, அதனால் தமக்கு இழப்பு நேர்ந்தது என்பனவற்றை வாதி மெய்ப்பிக்க வேண்டும். இவற்றுள் எளிதாகத் தோன்றும் முதலாவதே பல வழக்குகளில் சிக்கலாகிறது. புகார் கொடுப்பவர் ஒருவர். விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது காவல்துறை. அவ்வாறாயின் வழக்குத் தொடுத்தவர் யார்?

நரசிங்க ராவ் எதிர் முத்தய்யா பிள்ளை வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இதற்கு நேரடியாக விடை கூறியது. பிரதிவாதி காவல்துறைக்குத் தகவல் தந்தார், அவ்வளவே. விசாரித்து வழக்குத் தொடர முடிவு செய்தது காவல்துறை. ஆகவே அவர் பொறுப்பாளி அல்லர் என்றது. இது எல்லா வழக்குகளுக்கும் பொருந்துமாயின், பொய்ப்புகார் தருவோர் அனைவரும் காவலரின் பின்னே ஒளிந்துகொள்ளலாம். 1908இல் கயா பிரசாத் எதிர் பகத் சிங் வழக்கை விசாரித்த பிரிவி கவுன்சில் இந்த அபாயத்தைக் கண்டது. சென்னைத் தீர்ப்பு அதன் சூழலில் சரியானதே, எனினும் அது எங்கும் பொருந்தும் விதியன்று என்று அது விளக்கியது. உண்மையென நம்பிய தகவலைத் தந்துவிட்டு, கேட்டபோது நேர்மையாக ஒத்துழைத்தவர்மீது பொறுப்பைச் சுமத்தலாகாது. பொய்யென அறிந்தே குற்றம் சாட்டியவரும், பொய்ச் சாட்சிகளைக் கூட்டிவந்து காவல்துறையைத் திசைதிருப்பியவரும் தப்ப இயலாது. புகாருக்கு முன்னும் பின்னும் அவர் நடந்துகொண்ட விதமே அளவுகோல்.

இவ்வளவுகோல் செயல்படும் விதத்தைக் காண, வடசென்னையின் சடையங்குப்பத்தில் மனை எல்லைத் தகராறு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். பக்கத்து மனைக்காரர் இரவில் புகுந்து கட்டுமானக் கம்பிகளைத் திருடினார் என்று ஒருவர் புகார் தருகிறார். மற்றவர் கைதாகிப் பன்னிரண்டு நாள் சிறையிலிருந்து, இறுதியில் விடுதலையாகிறார். புகாரில் ‘அவர்மீது ஐயமுள்ளது’ என்று மட்டும் இருந்தால் இழப்பீட்டு வழக்குப் பெரும்பாலும் நில்லாது. ‘என் கண்ணால் கண்டேன்’ என்றிருந்தால் நிலைமை வேறு. நேரில் கண்டதாகக் கூறியது பொய்யென்று மெய்ப்பிக்கப்பட்டால், நியாயமான காரணம் இல்லை என்பது பெரிதும் அதிலிருந்தே பெறப்படும். குற்றம் சாட்டப்பட்டவர் அவ்விரவு எண்ணூரில் தொழிற்சாலைப் பணியிலிருந்தார் என்பதை வாயில் பதிவேடு காட்டுமாயின், அதுவே வழக்கின் முதுகெலும்பு. புகார்தாரர் அழைத்துவந்த சாட்சிகள் அவருடைய உறவினர்களா, எல்லைத் தகராறு புகாருக்கு முன்பே நீதிமன்றம் சென்றிருந்ததா என்பன தீய நோக்கத்தைக் காட்ட உதவும்.

இங்கே வாதிகள் அடிக்கடி தவறுகின்றனர். விடுதலைத் தீர்ப்பின் நகலைத் தாக்கல் செய்தால் போதும் எனக் கருதுகின்றனர். அந்நகல் வழக்கு தமக்குச் சாதகமாக முடிந்ததை மட்டுமே மெய்ப்பிக்கும். ஐயத்தின் பலனாகக் கிடைத்த விடுதலை, புகார் பொய்யென்று சொல்லவில்லை. அரசுத்தரப்பு மெய்ப்பிக்கவில்லை என்றே சொல்கிறது. ஆகவே வாயில் பதிவேட்டையும் சாட்சிகளையும் உரிமையியல் நீதிமன்றத்தில் மீண்டும் முன்வைக்க வேண்டும்.

காலமும் குறுகியது. 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 74ஆம் உறுப்பின்படி, விடுதலையான நாள் அல்லது வழக்கு வேறுவகையில் முடிவுற்ற நாளிலிருந்து ஓராண்டே அவகாசம். தமிழ்நாட்டில் பணம் கோரும் வழக்குகளுக்கான நீதிமன்றக் கட்டணம் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தது. 3 இலட்சம் ரூபாய் கோருபவர் இன்று 9,000 ரூபாய் செலுத்த வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதியப்படாமல், சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுபோன புகாருக்கு இவ்வழி பொதுவாகத் திறக்காது. முகமது அமீன் எதிர் ஜோகேந்திர குமார் பானர்ஜி வழக்கில் (1947) பிரிவி கவுன்சில், நடவடிக்கை எந்தப் படிநிலையை எட்டியது என்பதைவிட, அதனால் இழப்பு நேரும் நிலையை அது அடைந்ததா என்பதையே நோக்கியது. அவ்வழக்கில் நீதித்துறை நடுவர் திறந்த நீதிமன்றத்தில் விசாரணை நடத்திய பின்னரே புகாரைத் தள்ளுபடி செய்திருந்தார்.

பொய்யான உரிமையியல் வழக்குக்கு விதி வேறு. தோற்றவர் தரும் செலவுத்தொகையே போதிய ஈடு என்று கருதப்படுவதால், தனி இழப்பீட்டு வழக்குப் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. நடைமுறையறிந்த எவரும் இதை வலுவான வாதமென்று சொல்லமாட்டார்: உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35அ பிரிவின்கீழ் பொய் வழக்குக்கு விதிக்கத்தக்க ஈட்டுச் செலவு 3,000 ரூபாயைத் தாண்டாது. சடையங்குப்பத்துப் புகார்தாரர் காவல் நிலையத்துக்குப் போகாமல், பொய்க் காரணம் காட்டி இடைக்காலத் தடையாணை பெற்று அண்டை வீட்டாரின் கட்டுமானத்தை நிறுத்தியிருந்தால், 95ஆம் பிரிவின்கீழ் 50,000 ரூபாய் வரை இழப்பீடு பெற அதே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். ஆயின் அவ்விண்ணப்பத்தின்மீது ஆணை பிறந்துவிட்டால், அதே தடையாணைக்காகத் தனி வழக்குத் தொடர இயலாது. ஆகவே இழப்பு அத்தொகையைவிடப் பெரிதாக உள்ளவர், விண்ணப்பிக்கும் முன்பே இதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.