ஆடிக்கு முன்பே பால் காய்ச்சினால் வாடகை எந்த நாளிலிருந்து?

வீட்டு வாடகை இங்கிலீஷ் மாதக் கணக்கில் ஓடுகிறது. வீடு மாறும் நாளையோ தமிழ் மாதம் முடிவு செய்கிறது. ஆடியில் குடிபோகக் கூடாது என்பதால் ஜூலை 17 வாக்கில் ஆடி பிறக்கும் முன்பே பால் காய்ச்சிவிடுகிறார்கள். பாதி மாத வாடகைத் தகராறும் அங்கேதான் தொடங்குகிறது.

முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ், விக்கிரவாண்டியில் 6,200 ரூபாய் வாடகைக்கு வீடு பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஜூலை 14-ல் சாவி வாங்குகிறார். ஜூலைக்கு 31 நாள் என்பதால், ஒரு நாள் வாடகை 200 ரூபாய். எத்தனை நாள்? 31-லிருந்து 14-ஐக் கழித்து 17 என்பார்கள் பலர். அது தப்பு. சாவி வாங்கிய 14-ம் தேதியும் சேர்ந்தால் 18 நாள், 3,600 ரூபாய்.

சில ஓனர்கள் எந்த மாதமானாலும் 30-ஆல்தான் வகுப்பார்கள். அப்படிப் பார்த்தால் 3,720 வரும். 120 ரூபாய்க்குச் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் வரும்போது 30, காலி செய்யும்போது வேறு கணக்கு என்று மாறக் கூடாது.

பெரிய பணம் இருப்பது வேறு இடத்தில். பால் காய்ச்சிய நர்ஸ், சாமான் ஏற்றுவது ஆவணி பிறந்த பிறகு, ஆகஸ்ட் 18-ல். சாவி அவர் கையிலேயே இருந்தால், பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஜூலையில் 3,600, ஆகஸ்டில் 17 நாளுக்கு 3,400, ஆக 7,000 ரூபாய். பழைய வீட்டு வாடகையும் கூடவே ஓடும்.

“பால் மட்டும் காய்ச்சிட்டு சாவியை உங்ககிட்டயே குடுத்துடறேண்ணா, ஆவணியிலேர்ந்து வாடகை போட்டுக்குங்க” என்று முதலிலேயே கேட்டுப் பார்க்கலாம். ஆடியில் வேறு ஆள் வருவது அபூர்வம் என்பதால் ஒத்துக்கொள்ளும் ஓனர்கள் உண்டு. மாட்டேன் என்றால், ஒரு மாத வாடகையை ரிசர்வ் செய்யும் செலவாக நினைத்துக் கொடுப்பதா என்று யோசிக்க வேண்டியதுதான்.

பழைய வீட்டில் வாடகை 4,650 என்றால் ஒரு நாளுக்கு 150. ஆகஸ்ட் 18-ல் சாமான் ஏற்றினாலும், கழுவித் துடைத்து 20-ல் சாவி கொடுத்தால் 20 நாள்தான் கணக்கு, 3,000 ரூபாய். லாரி போன நாள் கணக்கில் வராது. ஆனால் ‘ஒரு மாத நோட்டீஸ்’ என்று அக்ரிமெண்டில் இருந்து, சொன்னது ஆகஸ்ட் 1-ல் என்றால், 20-ல் கிளம்பினாலும் மாதம் முழுக்க வாடகை கேட்க ஓனருக்கு இடமிருக்கிறது. ஜூலை 20-ல் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சே வராது.

2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி அக்ரிமெண்டில் எழுதிய வாடகைதான் வாடகை. எனவே “மாத நடுவில் வந்தாலும் போனாலும், சாவி கைமாறும் நாள் வரை, அந்த மாத நாட்களால் வகுத்து” என்று ஒரு வரி எழுதிக்கொள்வது நல்லது. அட்வான்ஸில் பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியை வீடு காலியான ஒரு மாதத்துக்குள் ஓனர் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த ஒரு மாதமும் சாவி கொடுத்த நாளிலிருந்துதான் ஓடும். அதனால் சாவி கொடுத்த கையோடு தேதி போட்டு ஓனருக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள்.