பாங்காக் பலகையில் உங்கள் பத்தி எது?

பாங்காக் போய் வந்தவர்கள், அடுத்துப் போகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தவறாமல் அனுப்பும் ஒரு படம் உண்டு. ராஜதம்ரி சாலைப் பக்கம் உள்ள மணி சேஞ்சர் கடையின் விலைப்பலகை. இடது ஓரம் நாட்டுக் கொடிகள், பக்கத்தில் USD, EUR, INR என்ற மூன்றெழுத்துகள், அதற்கு வலப்புறம் இரண்டு பத்திகளாக எண்கள். “ரேட் நல்லா இருக்கு, பாத்துக்க” என்று கீழே ஒரு வரி. படத்தைப் பார்த்தவர் ஊரிலிருந்தபடியே கணக்குப் போட்டுவிடுகிறார். பாங்காக்கில் இறங்கி, கடையில் நோட்டை நீட்டும்போதுதான் கணக்கு இடிக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகக் கோபம் வருகிறது. பெரும்பாலும் அவர் ஏமாற்றியிருக்க மாட்டார், பத்தி மாறியிருக்கும்.

அந்த இரண்டு பத்திகளின் தலைப்பு BUYING, SELLING. நாம் பாட் ‘வாங்க’ப் போகிறோம் என்பதால் எந்தப் பத்தி நம்முடையது என்பதில் குழப்பம் வருகிறது. பலகை பேசுவது கடைக்காரரின் வாயால். BUYING என்றால், அந்த வரிசையில் உள்ள அயல்நாட்டு நோட்டை அவர் நம்மிடமிருந்து வாங்கும் விலை. SELLING என்றால், அதே நோட்டை அவர் நமக்கு விற்கும் விலை. தாய்லாந்துக் கடையில் பாட் உள்ளூர்ப் பணம், அதற்குத் தனி வரிசை கிடையாது. டாலரோ ரூபாயோ கொடுத்துப் பாட் பெறுகிறவர் பார்க்க வேண்டியது BUYING. கையில் மிஞ்சிய பாட்டைக் கொடுத்து டாலரோ ரூபாயோ கேட்பவர் பார்க்க வேண்டியது SELLING.

படத்தில் தலைப்பு வெட்டுப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு யூனிட் அயல்நாட்டுப் பணத்துக்கு இத்தனை பாட் என்று எழுதும் பலகையில், சிறிய எண்தான் எப்போதும் கடைக்காரர் வாங்கும் விலை, பெரியது விற்கும் விலை. குறைந்த விலைக்கு வாங்கி, கூடுதல் விலைக்கு விற்பதுதானே அவர் பிழைப்பு? இதுவே இன்னொரு சோதனையும் ஆகும். மின்னும் எல்.இ.டி. பலகையை போனில் படமெடுத்தால் சில கோடுகள் பதிவாகாமல் போகும், 8 என்பது 3 ஆகவோ 0 ஆகவோ தெரியும். ஒரு வரிசையில் விற்கும் விலை வாங்கும் விலையைவிடக் குறைவாகத் தெரிந்தால் அந்தப் படத்தை நம்ப வேண்டாம்.

ஒரு பலகையையே எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, விலை தினமும் மாறும். INR வரிசையில் BUYING 0.350, SELLING 0.385. ஒருவர் 17,600 ரூபாயைக் கொண்டுபோகிறார். சரியான பத்தியில் பெருக்கினால் 6,160 பாட். தவறிப்போய் அடுத்த பத்தியைப் பார்த்தால் 6,776 பாட். இல்லாத 616 பாட்டை மனதுக்குள் செலவு செய்துவிட்டுத்தான் அவர் கடைக்குப் போகிறார்.

இப்போது அந்த 6,160 பாட்டை அப்படியே திரும்ப நீட்டி ரூபாய் கேட்கட்டும். இம்முறை SELLING பத்தி, பெருக்கல் அல்ல, வகுத்தல்: 6,160-ஐ 0.385-ஆல் வகுத்தால் 16,000 ரூபாய். ஒரு காப்பி கூடக் குடிக்காமல் 1,600 ரூபாய் போயிற்று. இரண்டு பத்திகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் கடையின் கூலி. ‘கமிஷன் இல்லை’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்கும் கடையிலும் இந்தக் கூலி உண்டு.

அதே பலகையில் USD வரிசையைப் பாருங்கள். 100 டாலர் நோட்டுக்கு BUYING 32.50, SELLING 32.65 என்று வைப்போம். 200 டாலர் கொடுத்தால் 6,500 பாட். அதைத் திருப்பிக் கொடுத்தால் 199 டாலருக்குக் கொஞ்சம் மேல். போய்வந்த நஷ்டம் ஒரு டாலர்கூட இல்லை. டாலர் நோட்டை எல்லாரும் கேட்கிறார்கள், கடையில் தேங்காது. ரூபாய் நோட்டை அங்கே கேட்டு வருகிறவர் குறைவு. தேங்கும் சரக்குக்கு இடைவெளி அகலமாகத்தான் இருக்கும்.

ஆகவே பலகைப் படத்தில் நான் முதலில் பார்ப்பது விலையை அல்ல, இடைவெளியை. எந்த நோட்டைக் கொண்டுபோகலாம் என்பதை அதுவே சொல்லிவிடும். சென்னையில் டாலர் வாங்கும்போதும் ஓர் இடைவெளி உண்டே என்று கேட்கலாம். உண்டு, அதையும் சேர்த்தே பார்ப்போம். இங்கே விற்கும் விலை டாலருக்கு 88 ரூபாய் என்றால் 200 டாலருக்கு 17,600 ரூபாய். நேராக ரூபாயாகக் கொண்டுபோனால் 6,160 பாட், டாலராக மாற்றிக் கொண்டுபோனால் 6,500 பாட். இரண்டு முறை மாற்றியும் 340 பாட் லாபம். தவிர, ஒருவர் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக்கூடிய இந்திய ரூபாய்க்கு 25,000 என்ற உச்சவரம்பும் உண்டு.

டாலரிலும் ஒரு பொடி வைத்திருப்பார்கள். USD என்று ஒரே வரிசை இருக்காது. 100 டாலர் நோட்டுக்கு ஒரு விலை, 50-க்கு அதைவிடக் குறைவு, 20, 10, 5-க்கு இன்னும் குறைவு, 1 டாலருக்கு எல்லாவற்றையும்விடக் குறைவு. கோணலாக எடுத்த படத்தில் கண் ஒரு வரிசை வழுக்கினால் போதும். சென்னையில் டாலர் வாங்கும்போதே 100 டாலர் நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். கிழிசல், பேனா எழுத்து, முத்திரை இருந்தால் மறுத்துவிட்டு வேறு கேளுங்கள், பாங்காக்கில் அதை விலை குறைத்தோ, வாங்காமலோ திருப்பித் தருவார்கள்.

வங்கிகளின் பலகைப் படமென்றால் பத்திகள் இரண்டோடு நிற்காது. T/T என்ற பத்தி நோட்டு விலையைவிட நன்றாக இருக்கும். அது வங்கிக் கணக்கு வழியாக அனுப்பும் பணத்துக்கு, கையில் நீட்டும் நோட்டுக்கு அல்ல. நோட்டை எண்ண வேண்டும், கள்ள நோட்டா என்று பார்க்க வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், கப்பலிலோ விமானத்திலோ அனுப்ப வேண்டும். அந்தச் செலவெல்லாம் BANK NOTES என்ற பத்தியில் கழிக்கப்பட்டிருக்கும். நமக்கு உரியது அதுதான்.

இன்னொன்று, படம் எங்கே எடுத்தது என்று கேளுங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் வருகைத் தளத்து வங்கிக் கவுன்ட்டர்களின் விலைக்கும், அடித்தளத்தில் நகர ரயிலுக்குப் போகும் வழியில் உள்ள கடைகளின் விலைக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் உண்டு, அடித்தளத்தில்தான் மேல். படத்தின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். ஒரே நாளில் கடைகள் பலமுறை விலையை மாற்றும்.

ஊர் திரும்பிச் சென்னையில் மிச்சப் பாட்டை மாற்றும்போது எல்லாம் தலைகீழ். இங்கே பாட்தான் அயல்நாட்டுப் பணம், விலை ‘ஒரு பாட்டுக்கு இத்தனை ரூபாய்’ என்று இருக்கும், உங்களுக்குரியது கடைக்காரர் வாங்கும் பத்தி. அது 2.40 என்றால் 3,000 பாட்டுக்கு 7,200 ரூபாய். அதே 3,000 பாட்டை மேலே சொன்ன பாங்காக் பலகையில் மாற்றியிருந்தால், 0.385-ஆல் வகுக்க, சுமார் 7,790 ரூபாய். எங்கே மாற்றுவது என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே இப்படி வகுத்துப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், எடுத்து வையுங்கள். நோட்டைக் கையைவிட்டு விடுவதற்கு முன், மொத்தம் எத்தனை பாட் வரும் என்று கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்த எண் உங்கள் கணக்கோடு ஒத்துப்போனால் கொடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கடைக்கு நடங்கள். வாங்கிய பணத்தை அங்கேயே, அவர் கண்முன்னே எண்ணுங்கள். நகர்ந்த பிறகு குறைகிறது என்று சொன்னால் எந்தக் கடையும் கேட்காது.