சூத்திரமும் சொல்லும் ஒட்டுகிற இடம்

பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டுப் பாடத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவருக்கு, பக்கத்தில் பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். ax² + bx + c = 0 என்பதை யாரும் தமிழாக்கப் போவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் அந்த எழுத்துகள் ஆங்கிலத்தில்தான் நிற்கின்றன. சூத்திரங்களை வெட்டி ஒட்டிவிட்டு, நடுவிலிருக்கும் வாக்கியங்களை எழுதினால் வேலை தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். வில்லங்கம் ஒட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது.

2x² − 7x + 3 = 0 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். இதற்கு எப்படிப்பட்ட விடைகள் வரும் என்று முன்கூட்டியே சொல்வது b² − 4ac என்ற தன்மைகாட்டி. இங்கே a = 2, b = −7, c = 3. ஆக, 49-லிருந்து 24 போக 25. மிகை எண் வந்துவிட்டதால் இரண்டு வெவ்வேறு மெய் மூலங்கள் உண்டு. அவை 3, ½. பாடக்கோப்பிலிருந்து இந்த வரியை நகலெடுத்து வேறு மென்பொருளில் ஒட்டும்போது, மேலே ஏறியிருக்கும் 2 சில நேரம் கீழே இறங்கிவிடும். வரி b2 − 4ac என்று நிற்கும். பழகிய ஆசிரியர் கண் அதையும் வர்க்கமாகவே படித்துக்கொண்டு போய்விடும். முதன்முறை படிக்கிற பிள்ளை அதை b பெருக்கல் 2 என்று எடுத்துக்கொண்டால், −14-இலிருந்து 24 போய் −38 வரும். குறை எண் என்பதால், மெய் மூலமே இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

பழைய எழுத்துருக்கள் செய்கிற கூத்து இன்னும் வேடிக்கையானது. யூனிகோடு பரவும் முன் பாமினி போன்ற எழுத்துருக்களில், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்துத்தான் தட்டச்சு செய்தார்கள். பாமினியில் mk;kh என்று தட்டினால் ‘அம்மா’ என்று தெரியும். அப்படிப்பட்ட பழைய பாடக்கோப்பு ஒன்றை மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றினால், மாற்றிக் கருவிக்கு எது வாக்கியம், எது சூத்திரம் என்று தெரியாது. a ‘ய’ ஆகும், b ‘டி’ ஆகும், c ‘உ’ ஆகும். 4ac என்பது 4யஉ என்று வந்து நிற்கும். ஒரு விதத்தில் இது நல்ல பிழை. பார்த்த மாத்திரத்தில் கண்ணில் படும்.

கண்ணில் படாத பிழைகள்தான் அச்சுக்குப் போகின்றன. ‘ஆகவே’ என்பதற்கான ∴ குறியும் நம் ஆய்த எழுத்தும் ஏறத்தாழ ஒரே உருவம். விசைப்பலகையில் ∴ கிடைக்காதபோது ஃ-ஐத் தட்டிவிடுவது எளிது. அச்சில் வித்தியாசம் தெரியாது என்றாலும், திரைவாசிப்பான் வைத்துப் பாடம் கேட்கும் பார்வையற்ற மாணவருக்கு ‘ஆகவே’ காணாமல்போய்விடும்.

இதைவிடத் தொல்லை இணைப்புக்கோடு. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டவேண்டும் என்பதால், x-ஐ, a-ஆல், b-இன் என்று கோடு போட்டு எழுதுகிறோம். அந்தக் கோடும் கழித்தல் குறியும் விசைப்பலகையில் ஒரே பொத்தான். “b = -7-ஐப் பிரதியிட” என்ற வரியில் இரண்டு கோடுகள் ஒரே நீளத்தில் நிற்கின்றன. ஒன்று கணிதம், மற்றொன்று இலக்கணம். யூனிகோடில் கழித்தலுக்கென்று தனி இடம் (U+2212) இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது ஒரு வழி. ஆனால் வாக்கியத்தையே மாற்றுவது அதைவிட நல்ல வழி. “b = −7 எனப் பிரதியிட்டால்” என்று எழுதினால் எண்ணின் வாலில் எதுவும் தொங்காது.

இங்கிருந்து தட்டச்சு மேசையை விட்டு வாக்கிய அமைப்புக்குள் போகவேண்டும். சமக்குறியை அறிமுகப்படுத்தியவர் வேல்ஸ் நாட்டவரான ராபர்ட் ரெக்கார்ட். 1557-இல் வந்த அவருடைய இயற்கணித நூலில், ‘இதற்குச் சமம்’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரைத் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போய், அதற்குப் பதிலாக இரண்டு இணைகோடுகளைப் போட்டார். அதாவது = என்பது ஓர் ஆங்கில வாக்கியத்தின் வினை இருந்த இடத்தில் உட்கார்ந்த குறி. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே அது நிற்பது ஆங்கிலத்துக்கு இயல்பு. தமிழ் வாக்கியமோ வினையைக் கடைசியில் எதிர்பார்க்கும்.

அதன் விளைவை இருபடிச் சமன்பாட்டின் வரையறையிலேயே பார்க்கலாம். ஆங்கிலத்தில் சூத்திரத்தை முதலில் சொல்லிவிட்டு, a பூச்சியமாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையைப் பின்னால் இடைச்செருகலாகச் சேர்ப்பார்கள். வரிசை மாறாமல் தமிழாக்கினால், “ax² + bx + c = 0, a ≠ 0 என்பது இருபடிச் சமன்பாடு ஆகும்” என்று வரும். எது சமன்பாடு, இரண்டுமா என்று பிள்ளை கேட்டால் தப்பில்லை. நிபந்தனையை முன்னால் கொண்டுவந்தால் தமிழும் கணிதமும் சேர்ந்தே நேராகும்: “a ≠ 0 எனில், ax² + bx + c = 0 என்பது இருபடிச் சமன்பாடு.” ஒளிவருடிய பக்கத்தில் ≠ குறியின் சாய்கோடு மங்கி, a = 0 என்று ஆகிவிட்டதா என்பதையும் இந்த இடத்தில்தான் பார்க்கவேண்டும். a-வுக்குப் பூச்சியத்தைப் போட்டால் x² மறைந்து bx + c = 0 என்று மட்டும் மிஞ்சும்.

அடுத்தது ‘எல்லா’. “எல்லா இருபடிச் சமன்பாடுகளுக்கும் மெய் மூலங்கள் இல்லை” என்று ஒரு வரி. ஒன்றுக்குமே இல்லையா, சிலவற்றுக்கு இல்லையா? தமிழில் இரண்டு விதமாகவும் படிக்கலாம். x² + 1 = 0 என்பதற்கு மெய் மூலம் இல்லை; x² − 1 = 0 என்பதற்கு 1, −1 என இரண்டு உண்டு. ஆகவே “சில இருபடிச் சமன்பாடுகளுக்கு மெய் மூலங்கள் கிடையாது” என்று எழுதினால்தான் உண்மை நிற்கும். இப்படி இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்க்காமல், வெறும் மொழியறிவை வைத்து இந்த வரியைத் திருத்த முடியாது.

மேல் வகுப்புக்குப் போகப்போக இந்தச் சிக்கல் இறுகும். இயல் எண்களைப் பற்றி, ஒவ்வொரு x-க்கும் x < y ஆகும்படி ஒரு y உண்டு என்கிறது பாடம். 10 என்றால் 11, 1000 என்றால் 1001. x மாறினால் y-உம் மாறிக்கொள்ளலாம். இதையே “x < y ஆகும்படி ஒரு y எல்லா x-க்கும் உண்டு” என்று திருப்பி எழுதினால், ஒரே y எல்லா எண்களையும்விடப் பெரியதாக உட்கார்ந்திருப்பதுபோல் படிக்கிறது. அப்படியொரு இயல் எண் கிடையவே கிடையாது. வாக்கியத்தில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஒரு குறிகூடப் பிழையில்லை. வரிசை மட்டும் மாறிவிட்டது. “ஒவ்வொரு x-ஐ எடுத்துக்கொண்டாலும் அதைவிடப் பெரிய y ஒன்று உண்டு” என்று x-ஐ முன்னால் நிறுத்தினால் குழப்பம் போய்விடும்.

மூலத்தையும் தமிழையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் இதைத் தவறவிடுவது இயல்பு. ஆங்கில வரி சொன்னது அவர் தலையில் இருப்பதால் தமிழ் வரியும் அதையே சொல்வதுபோல் அவருக்குப் படும். அதனால் ஆங்கிலப் பக்கத்தைப் பார்க்காத கணித ஆசிரியர் ஒருவரிடம் தமிழ்ப் பக்கத்தை மட்டும் கொடுத்து, எடுத்துக்காட்டுகளைப் பென்சிலால் போட்டுப் பார்க்கச் சொல்வது பலன் தரும். வரிகளை இன்னொருவருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டவும் சொல்லலாம். x = 5 என்பதை ‘எக்ஸ் சமம் ஐந்து’ என்று வகுப்பில் சொல்லிப் பழகியவர், “x = 5 ஆகும்” என்ற இடத்தில் ஒரு கணம் தடுக்குவார். அது பிழையில்லை, விட்டுவிடலாம். −38 என்ற விடை வந்து நிற்கும் இடத்தில் மட்டும் மூலப் பக்கத்தைத் திறந்து பார்க்கவேண்டும்.