உஷார்! நடுவில் நிற்பவர் யாரென்று முதலில் பாருங்கள்

லிங்க்ட்இன்னில் நாம் சந்திக்க நினைக்கும் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் '2nd' என்று தெரிந்துவிட்டால் போதும், பலருக்கும் கை பரபரக்கிறது. நடுவில் ஒரே ஒருவர்தான், அவரைப் பிடித்தால் காரியம் முடிந்தது என்று உடனே மெசேஜ் தட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்! அந்த '2nd' சொல்வது ஒன்றே ஒன்றுதான். உங்கள் கனெக்‌ஷனிலும் அவர் கனெக்‌ஷனிலும் இருக்கும் ஒருவராவது உண்டு. நடுவில் இருப்பவரும் நீங்கள் தேடும் ஆளும் எப்போதாவது பேசியிருக்கிறார்களா, ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்தால் அடையாளம் தெரியுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

கோவையில் சிறிய ஃபவுண்டரி நடத்தும் ஒருவர், சென்னையில் ஒரு வாகன நிறுவனத்தின் பர்ச்சேஸ் மேனேஜரைப் பார்க்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் பொதுவானவர்கள் பட்டியலைத் திறந்தால் ஒரு ரெக்ரூட்டர், ஊர் ஊராகப் பேசும் ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சியாளர், ஒரு குவாலிட்டி இன்ஜினீயர் என மூன்று பேர். முதலில் கண்ணில் படுபவர் ரெக்ரூட்டர். பல்லாயிரம் கனெக்‌ஷன் வைத்திருப்பவர் யாரைத் தேடினாலும் நடுவில் வந்து நிற்பார். பயிற்சியாளரும் அப்படித்தான். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவர் லிஸ்டில் இருப்பார்கள், ஒருவர் முகமும் அவருக்கு நினைவிருக்காது. இவர்கள் மூலம் போனால் மேனேஜர் கேட்கப்போகும் முதல் கேள்வி, 'இவங்க யாரு?' அதோடு கதவு சாத்தியாச்சு. பிறகு சரியான ஆளோடு போனாலும் 'மறுபடியும் இவரா?' என்றுதான் தோன்றும்.

இப்போது குவாலிட்டி இன்ஜினீயரின் ப்ரொஃபைலில் பழைய வேலைகளைப் பாருங்கள். 2015 முதல் 2018 வரை ஓசூரில் ஒரு ஆலை. மேனேஜரும் அதே ஆண்டுகளில் அதே ஆலை. இதுதான் தேட வேண்டிய தடயம். நிறுவனம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, ஊரும் ஆண்டும் பொருந்த வேண்டும். வந்த சரக்கு ரிஜெக்ட் ஆகும்போதெல்லாம் குவாலிட்டிக்காரரும் பர்ச்சேஸ்காரரும் மல்லுக்கட்டியே தீர வேண்டும், அதனால் பழக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். (சண்டையாக முடிந்த பழக்கமாகவும் இருக்கலாம்!)

இன்னொரு முனையையும் பாருங்கள். அந்த இன்ஜினீயர் நமக்கே வெறும் கிளிக் கனெக்‌ஷன் என்றால்? அவருக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர் நமக்கு நெருக்கமாக இருக்கலாம். அவர் வழியாக இன்ஜினீயர், இன்ஜினீயர் வழியாக மேனேஜர். நடுவில் இரண்டு பேர், பாதை நீளம்தான், ஆனால் ஒவ்வொரு கண்ணியும் போன் எடுத்துப் பேசும் உறவு. இந்தப் பாதையை லிங்க்ட்இன் காட்டாது, நாமே விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நடுவில் இருப்பவர் ஆளே இல்லாமல் போவது. தாமஸ் ரையன் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிபுணர், 2009 கடைசியில் 'ராபின் சேஜ்' என்ற இல்லாத பெண்ணுக்கு லிங்க்ட்இன்னிலும் ஃபேஸ்புக்கிலும் கணக்குத் தொடங்கினார். 25 வயது, கடற்படையில் சைபர் வேலை என்று பில்டப். ஒரு மாதத்துக்குள் ராணுவம், பாதுகாப்புத் துறை ஆட்கள் உட்பட ஏறக்குறைய 300 பேர் சேர்ந்துவிட்டார்கள். 'நமக்குத் தெரிந்தவர்தான் அவர் லிஸ்டில் இருக்கிறாரே' என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் சேர்ந்ததுதான் சூட்சுமம். வேலை வாய்ப்புகூட வந்தது, இல்லாத ஆளுக்கு! 2010-இல் பிளாக் ஹாட் மாநாட்டில் ரையன் இதையெல்லாம் போட்டு உடைத்தார்.

ஆகவே நடுவில் இருப்பவரின் ப்ரொஃபைலில் 'More' அழுத்தி 'About this profile' பாருங்கள். எப்போது கணக்குத் தொடங்கினார் என்று இருக்கும். 20 வருட அனுபவம், கணக்கு போன மாதம் என்றால் ஒதுங்குங்கள். இப்படித் துருவும்போது நீங்கள் பார்த்தது அவர்களுக்கும் தெரியும் என்பதை மறக்காதீர்கள். மேனேஜர் பக்கத்தை நாளுக்கு நாலு தடவை திறந்தால் அறிமுகத்துக்கு முன்பே அவர் உஷாராகிவிடுவார். 'Profile viewing options' போய் 'Private mode' வைத்துக்கொண்டு பாருங்கள்.

நடுவில் இருப்பவரிடம் எடுத்த எடுப்பில் 'அறிமுகப்படுத்துங்க' என்று கேட்கவே கேட்காதீர்கள். 'சார், அவரோட நேரடிப் பழக்கம் உண்டா? இல்லைன்னா பரவாயில்ல' என்று மட்டும் கேளுங்கள். உண்டு என்றால், அவர் அப்படியே ஃபார்வர்டு செய்ய நாலு வரி அனுப்புங்கள்: நீங்கள் யார், என்ன வார்க்கிறீர்கள், எதற்கு 15 நிமிடம். மேனேஜர் சரி என்ற பிறகே நம்பர் கைமாறட்டும். பதில் வராவிட்டால், 'இன்னார் சொன்னார்' என்று நீங்களாக மேனேஜருக்கு எழுதிவிடாதீர்கள். அவர் அந்த இன்னாருக்கு ஒரு போன் போட்டால் இரண்டு பேரையும் இழப்பீர்கள்.