எட்டு வாரம் சாப்பாடு இல்லை, பானம் மட்டும்: கிரோன் நோய்க்கு ஒரு சிகிச்சை

மாதக்கணக்கில் வயிற்றுவலி, பேதி. வயது பன்னிரண்டு ஆகியும் எடை 30 கிலோதான், உயரமும் கூடவில்லை. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால் குடலில் ஆங்காங்கே புண்கள். கிரோன் நோய் என்று உறுதியாகிறது. குடலைத் தன் உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கிப் புண்ணாக்கும் நோய் இது. இப்படி ஒரு குழந்தை வந்தால், முதலில் நோயை அடக்க மருத்துவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஸ்டீராய்டு மாத்திரை. மற்றொன்று, ஆறு முதல் எட்டு வாரங்களுக்குச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தி, முழுச் சத்துள்ள பானத்தை மட்டும் கொடுப்பது.

ஸ்டீராய்டு என்றால் பெரும்பாலும் பிரட்னிசோலோன். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. இந்தக் குழந்தைக்கு நாளுக்கு 30 மில்லிகிராம். சில வாரங்களுக்குப் பின் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். வலியும் பேதியும் சீக்கிரம் அடங்கும். ஆனால் முகம் உப்பும், பருக்கள் வரும், மனநிலை மாறும், எலும்பு மெலியும். ஏற்கெனவே வளராத குழந்தையின் வளர்ச்சியை இந்த மருந்தும் தடுக்கும்.

பான வழியில், ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கலோரி தரும் பானம் என்றால் இந்தக் குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 2 லிட்டர் தேவைப்படும். அதாவது 250 மில்லி டம்ளரில் எட்டு. முதல் நாளே முழு அளவைக் கொடுப்பதில்லை; இரண்டு மூன்று நாட்களில் ஏற்றுவார்கள். மிகவும் மெலிந்த குழந்தை என்றால் இன்னும் மெதுவாக ஏற்றி, இரத்தத்தில் பாஸ்பேட் குறைகிறதா என்று பார்ப்பார்கள். பட்டினியில் இருந்த உடலுக்குத் திடீரென்று சத்து கிடைத்தால் அது ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். குடிக்க முடியாத குழந்தைக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டு இரவில் ஏற்றலாம்.

இரண்டில் எது மேல்? இத்தாலியில் நடந்து 2006இல் வெளிவந்த ஒரு ஆய்வு இதைச் சோதித்தது. நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 37 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 19 பேருக்குப் பானமும் 18 பேருக்கு ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். பத்து வாரத்தில் பானம் குடித்தவர்களில் 15 பேருக்கும், ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 12 பேருக்கும் தொந்தரவுகள் அடங்கின. இதில் பெரிய வித்தியாசம் இல்லை. எண்டோஸ்கோப்பியில்தான் வித்தியாசம் தெரிந்தது: பானக் குழுவில் 14 பேருக்குக் குடல் புண் ஆறியிருந்தது, ஸ்டீராய்டு குழுவில் ஆறு பேருக்கு மட்டும். வலி நின்றாலும் உள்ளே புண் ஆறாமல் இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் குடல் சுவர் ஆறுவதோடு எடையும் கூடுகிறது, ஸ்டீராய்டின் பக்கவிளைவுகளும் இல்லை என்பதால், குழந்தைகளின் கிரோன் நோய்க்கு இதையே முதல் வழியாக ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் பரிந்துரைக்கின்றன.

பெற்றோர் தவறுவது ஒரே இடத்தில்தான். பாதிப் பானம், பாதிச் சோறு போதாதா என்று தோன்றும். அதையும் சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2006இல் வெளிவந்த ஆய்வில், முழுக்கப் பானம் குடித்த குழந்தைகளில் 42 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. பாதிச் சத்தைப் பானமாகவும் மீதியை வழக்கமான உணவாகவும் எடுத்தவர்களில் 15 சதவீதம் பேருக்கே அடங்கியது. ஆக, சத்து கூடுவது மட்டும் காரணமில்லை. வழக்கமான உணவை விலக்குவதும் வேலை செய்கிறது. குடல் பாக்டீரியாக்கள் மாறுவது இதில் பங்கு வகிக்கலாம். முழு விடை இன்னும் இல்லை.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது ஏற்றதல்ல. பெருங்குடல் புண் நோய்க்கு (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்) இது வழக்கமான சிகிச்சை இல்லை. ஆசனவாயைச் சுற்றிப் புரை வைத்துச் சீழ் வடியும் கடுமையான கிரோனுக்கு இது மட்டும் போதாது. இரண்டு வாரத்தில் வலியும் பேதியும் குறைந்து எடை ஏறத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் வேறு மருந்துக்கு மாற வேண்டும். உள்ளே அழற்சி குறைகிறதா என்பதை மலத்தில் கால்ப்ரோடெக்டின் அளவைப் பார்த்து அறியலாம்.

இந்தியாவில் இன்னொரு கவனமும் தேவை. குடல் காசநோய் பார்ப்பதற்குக் கிரோன் நோய் போலவே இருக்கும். அதைக் கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் முற்றும். பானத்தில் அந்த ஆபத்து இல்லை.

எட்டு வாரம் முடிந்ததும் உணவை மெல்லச் சேர்ப்பார்கள். ஆனால் பானம் நோயை அடக்குமே தவிர, திரும்ப வராமல் காக்காது. அதற்கு அசாதயோப்ரின் போன்ற மருந்தைத் தொடர வேண்டும். எனவே பெற்றோர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இந்தச் சிகிச்சை என் குழந்தைக்குப் பொருந்துமா? உணவியல் நிபுணர் உடனிருப்பாரா? எட்டு வாரத்துக்குப் பின் எந்த மருந்து?