பழைய மின்னஞ்சலை மூடும் முன்

மூடிய மின்னஞ்சல் முகவரி வேறொருவர் கைக்குப் போகுமா? ஜிமெயிலில் போகாது, அழித்த பெயரை யாருக்கும் திரும்பத் தருவதில்லை. ஆனால் யாஹூ 2013-இல், நெடுநாள் பயன்படாத பெயர்களைப் புதியவர்களுக்குக் கொடுத்தது. பழைய உரிமையாளருக்கு வந்த கடிதங்கள் சில புதியவர்களின் பெட்டியில் விழுந்தன. கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அப்படித்தான் வந்து சேரும் என்பதே இதில் பெரிய ஆபத்து.

உங்கள் ரயில் டிக்கெட் கணக்கு பழைய முகவரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டியை மூடிய பிறகும் பழைய கடவுச்சொல்லால் உள்ளே போகலாம். அது மறந்துபோனால்தான் சிக்கல்: மீட்பு இணைப்பு இல்லாத பெட்டிக்குப் போகும். முகவரியை மாற்றவும் பல தளங்கள் பழைய முகவரிக்கே ஓடிபி அனுப்பும். அதனால் பெட்டி உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். எந்தெந்தத் தளங்கள் என்று நினைவில்லையா? பெட்டிக்குள் ‘welcome’, ‘verify’, ‘password’ என்று தேடினால் பெரும்பாலானவை அகப்படும்.

கடிதங்களை கூகுள் டேக்அவுட் மூலம் இறக்கினால் எம்பாக்ஸ் கோப்பாக வரும். தண்டர்பேர்டில் அதைப் படிக்கலாம். நீங்கள் அனுப்பியவை மட்டும் பெற்றவர்களிடம் அப்படியே இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கென்றால், மூடியபின் மனம் மாற 30 அல்லது 60 நாள் அவகாசம் உண்டு.